ஓடுபவர் படிக்கும் தமிழ்: தீ அவசர அறிவிப்புகளை மொழிபெயர்ப்பது எப்படி

ஒரு கட்டடத்தின் தீ வெளியேற்றத் திட்டம் பொதுவாக மூன்று வடிவங்களில் சுவரில் இருக்கும். முதலாவது, அந்தத் தளத்தின் வரைபடம். நிற்கும் இடமும் வெளியே போகும் வழியும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது, தீ பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் அறிவிப்பு. மூன்றாவது, கதவின் மேலும் லிஃப்டின் அருகிலும் மாட்டியிருக்கும் ஒற்றை வரிப் பலகைகள். பெரும்பாலும் இவை மூன்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பிறகுதான் தமிழுக்கு வருகின்றன. கட்டடத்தில் இருப்பவர் அவற்றைப் படிக்கும் சூழ்நிலை மற்ற எந்த எழுத்தையும் படிக்கும் சூழ்நிலையைப் போன்றதல்ல. அலாரம் அலறுகிறது, விளக்கு அணைந்திருக்கலாம், பின்னால் ஆட்கள் நெருக்குகிறார்கள், கண் ஓரிரு விநாடிதான் பலகையில் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு வரியை இரண்டாம் முறை படிக்க வைத்தால், பொருள் சரியாக இருந்தாலும் அந்த மொழிபெயர்ப்பு பயன்படவில்லை.

எழுதத் தொடங்கும் முன் மொழிபெயர்ப்பாளர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கட்டடம் தீயின்போது எல்லோரையும் வெளியே வரச் சொல்கிறதா, அல்லது சிலரை உள்ளேயே இருக்கச் சொல்கிறதா? அலுவலகம், துணிக்கடை, திரையரங்கு, பள்ளி போன்றவற்றில் அலாரம் அடித்தால் எல்லோரும் வெளியேற வேண்டும். மருத்துவமனையில் நோயாளிகளைத் தெருவுக்குக் கொண்டுவருவது எளிதல்ல. அதனால் முதலில் அதே தளத்தில், தீ தடுப்புக் கதவுக்கு அப்பால் உள்ள பகுதிக்கு நகர்த்துவார்கள். பிரிட்டனின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேறு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் தீ பிடித்தால் அந்த வீட்டுக்காரர் மட்டும் வெளியேறுவார். மற்றவர்கள், புகையோ வெப்பமோ தங்கள் வீட்டுக்கு வராதவரை, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருக்க வேண்டும். சுவரும் கதவும் தீயை ஒரே வீட்டுக்குள் அடக்கிவிடும் என்ற நம்பிக்கையில் அமைந்த ஏற்பாடு இது.

அந்த நம்பிக்கை பொய்த்த இடம் லண்டனின் கிரென்ஃபெல் டவர். 2017 ஜூன் 14 அன்று நள்ளிரவு தாண்டி 12.54 மணிக்குத் தீயணைப்புத் துறைக்கு முதல் அழைப்பு போனது. வெளிச்சுவரின் மேலுறை வழியாகத் தீ கட்டடம் முழுவதும் ஏறியது. வீட்டிலேயே இருங்கள் என்ற அறிவுரை 2.47 மணிக்குத்தான் கைவிடப்பட்டது. 72 பேர் இறந்தார்கள். விசாரணை ஆணையத்தின் முதல் அறிக்கை 2019 அக்டோபரில் வெளியானது. குடியிருப்பவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வடிவத்தில் தீ அறிவுறுத்தல்களைத் தருவதைச் சட்டக் கடமை ஆக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதைத் தொடர்ந்து வந்த இங்கிலாந்தின் 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அறிவுறுத்தல் ஒட்டப்பட்டிருந்தால் மட்டும் போதாது, புரியும்படியும் இருக்க வேண்டும் என்பது அங்கே இப்போது சட்டம்.

‘வீட்டிலேயே இருங்கள்’ வகை அறிவிப்பைத் தமிழாக்குபவர், தீ என்றாலே ஓட வேண்டும் என்ற பொது எண்ணத்தில் எழுதினால் அறிவிப்பே தலைகீழாகிவிடும். அதில் இரண்டு நிலைகள் இருக்கின்றன. தீ உங்கள் வீட்டிலா, வேறு வீட்டிலா என்பதுதான் படிப்பவர் முதலில் தேடும் விடை. ஆகவே ‘உங்கள் வீட்டில் தீ’, ‘வேறு வீட்டில் தீ’ என்று இரண்டு பெரிய தலைப்புகள் வைத்து, ஒவ்வொன்றின் கீழும் செயலை எழுத வேண்டும். இரண்டாம் தலைப்பின் கீழ் ‘வீட்டிலேயே இருக்கவும்’ என்ற வரிக்குப் பக்கத்திலேயே, அதே பருமனில், ‘புகையோ சூடோ உள்ளே வந்தால் உடனே வெளியேறவும்’ என்ற வரி வர வேண்டும். ஆங்கில மூலத்தில் இந்த விலக்கு ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் ஒளிந்திருக்கலாம். தமிழில் அதை வெளியே எடுத்துத் தனி வரியாக வைப்பது மூலத்தை மீறுவது ஆகாது.

எல்லோரும் வெளியேற வேண்டிய கட்டடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகப் பார்க்கலாம். சென்னையில் தரைத்தளமும் அதன்மேல் ஏழு தளங்களும் கொண்ட ஓர் அலுவலகக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு படிக்கட்டுகள், மூன்று லிஃப்டுகள். பொறியாளர், கணக்காளர், காவலர், துப்புரவுப் பணியாளர், கேன்டீன் ஊழியர் என்று எல்லாத் தரப்பினரும் அங்கே வேலை செய்கிறார்கள். ஆங்கில அறிவிப்பில் எட்டு வாக்கியங்கள் இருக்கின்றன. தீயைக் காண்பவர் அருகிலுள்ள அலாரத்தை இயக்கித் தீயணைப்புத் துறைக்குத் தகவல் தர வேண்டும். அலாரம் கேட்டால் அருகிலுள்ள வழியாகக் கட்டடத்தைவிட்டு வெளியேற வேண்டும். லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. உடைமைகளை எடுக்க நிற்கக் கூடாது. ஓடக் கூடாது. கதவுகளை மூடிவிட்டுச் செல்ல வேண்டும். கூடும் இடத்துக்குப் போக வேண்டும். அனுமதி கிடைக்கும்வரை திரும்ப நுழையக் கூடாது.

இதை ஓர் அலுவலக உதவியாளரிடம் கொடுத்து அவசரமாகத் தமிழாக்கினால் பெரும்பாலும் கிடைப்பது இப்படி இருக்கும்: ‘தீ விபத்து ஏற்படும் பட்சத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்துவதைத் தவிர்த்து, அருகாமையில் அமைந்துள்ள தீ வெளியேறும் வழியைப் பயன்படுத்தி வளாகத்தைக் காலி செய்து ஒன்றுகூடும் புள்ளியை அடையுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ இலக்கணப்படி இதில் பிழை இல்லை. அரசாணையில் வந்தால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். ஆனால் இந்த ஒரே வாக்கியத்தில் நான்கு செயல்கள் அடைந்துகிடக்கின்றன. எது செய்ய வேண்டியது, எது செய்யக் கூடாதது என்பது கடைசிச் சொல் வரை போனால்தான் பிடிபடும். ‘தீ வெளியேறும் வழி’ என்பதைத் தீ வெளியேறுகிற வழி என்றும் படிக்கலாம். ‘காலி செய்து’ என்றதும் பலருக்கு வாடகை வீடு நினைவுக்கு வரும். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்பதில் அவசரமே இல்லை.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. மறுப்பும் அந்த வினையோடு ஒட்டிக் கடைசியில்தான் வருகிறது. ‘லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது’ என்பதில் ஓடுபவரின் கண் முதலில் பிடிப்பது ‘லிஃப்டைப் பயன்படுத்த’ என்ற பகுதியை. கூட்டம் பலகையின் வலதுபுறத்தை மறைத்தாலோ, ஒளி போதாமல் போனாலோ, அறிவுறுத்தல் நேரெதிராகிவிடும். இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வரியைக் குறுக்குவது. ‘லிஃப்ட் கூடாது’ என்று இரண்டே சொற்கள் இருந்தால் மறுப்பும் அதே பார்வையில் விழும். மற்றொன்று, செய்ய வேண்டியதை முன்னால் சொல்வது. ‘படியில் இறங்கவும்’ என்பது பெரிய எழுத்தில் முதல் வரி. ‘லிஃப்ட் கூடாது’ என்பது அதன் கீழே. முதல் வரியை மட்டும் படித்தவரும் சரியான பக்கம்தான் போவார்.

அதே இலக்கணம் மற்றோர் இடத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு உதவுகிறது. ஆங்கிலத்தில் நிபந்தனை வாக்கியத்தின் பின்னால் வரலாம். கதவைத் திறக்க வேண்டாம், அது சூடாக இருந்தால் என்ற வரிசை அங்கே இயல்பு. தமிழில் ‘கதவு சுட்டால் திறக்க வேண்டாம்’ என்று நிபந்தனை தானாகவே முன்னால் வந்துவிடும். எந்த நிலைமைக்கு உரிய வரி இது என்று வாசகர் முதல் சொல்லிலேயே அறிகிறார். தனக்குப் பொருந்தாத வரியை அடுத்த நொடியே விட்டுவிட்டு நகரலாம். ஆகவே நிபந்தனைகளைத் தலைப்பாக்குவது தமிழுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ‘தீயைப் பார்த்தால்’ என்பது ஒரு தலைப்பு, ‘அலாரம் கேட்டால்’ என்பது இன்னொன்று. எட்டு ஆங்கில வாக்கியங்களும் இந்த இரண்டின் கீழ் பிரிந்து நிற்கும்.

சுவருக்குப் போக வேண்டிய வடிவம் ஏறக்குறைய இப்படி அமையும்.

தீயைப் பார்த்தால்
சிவப்புப் பெட்டியை அழுத்தவும். அலாரம் அடிக்கும்.
101க்கு போன் செய்யவும்.

அலாரம் கேட்டால்
உடனே வெளியே போகவும்.
படியில் இறங்கவும். லிஃப்ட் கூடாது.
பையை எடுக்கப் போக வேண்டாம்.
கதவைச் சாத்தவும். பூட்டக் கூடாது.
பின்வாசல் கார் நிறுத்தத்தில் கூடவும்.
சொல்லும்வரை உள்ளே வரக் கூடாது.

இதில் மூலத்தோடு ஒட்டாத இடங்கள் சில உண்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. மூலம் அலாரத்தை இயக்கச் சொல்கிறது. எப்படி இயக்குவது என்று சொல்லவில்லை. அந்தக் கருவியை ஒருமுறைகூடத் தொட்டிராத பணியாளருக்கு ‘இயக்கவும்’ என்பதில் செயல் எதுவும் இல்லை. ஆனால் ‘சிவப்புப் பெட்டியை அழுத்தவும்’ என்று எழுதும் முன் மொழிபெயர்ப்பாளர் அந்தப் பெட்டியைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். சில கட்டடங்களில் அது விரலால் அழுத்தும் வகை. வேறு சிலவற்றில் கண்ணாடியை உடைக்க வேண்டும், பக்கத்தில் சிறு சுத்தியல் தொங்கும். அங்கே ‘கண்ணாடியை உடைக்கவும்’ என்பதே சரி. ஒரு கட்டடத்துக்கு எழுதியதை அடுத்த கட்டடத்தில் அப்படியே ஒட்டுவதால் வரும் பிழைகளில் இது முக்கியமானது. கதவுக்கும் இது பொருந்தும். தள்ளினால் திறக்கும் கதவில் ‘இழு’ என்ற ஒட்டுத்தாள் இருந்தால், பின்னால் கூட்டம் சேர்ந்தபிறகு அந்தக் கதவை இழுக்க யாராலும் முடியாது.

‘அருகிலுள்ள வழியாக’ என்பது அறிவிப்பிலிருந்து வரைபடத்துக்குப் போய்விட்டது. மனிதர்கள் ஆபத்தில் அருகிலுள்ள வழியைத் தேடுவதில்லை, வந்த வழியைத் தேடுகிறார்கள். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இரவு விடுதி எரிந்து 100 பேர் இறந்தார்கள். அங்கே வேறு வழிகள் இருந்தும் பெரும்பாலானவர்கள் உள்ளே வந்த முன்வாசலை நோக்கியே போய் நெருக்கத்தில் சிக்கினார்கள். ‘அருகிலுள்ள வழி’ என்று எழுதிவைப்பதால் அந்தப் பழக்கம் மாறாது. எந்த வழி என்று காட்டும் அம்புக்குறிதான் அங்கே பயன்படும்.

கதவு பற்றிய வரியில் மூலத்தில் இல்லாத ஒன்று சேர்ந்திருக்கிறது. மூடிய கதவு புகையைத் தடுக்கும், அதனால் சாத்திவிட்டுப் போகச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு அலுவலகத்தில் கடைசியாகப் போகிறவர் கதவை மூடுவது என்றால் பூட்டுவது என்றே கை பழகியிருக்கும். ‘மூடிவிட்டுச் செல்லவும்’ என்று மட்டும் எழுதினால் ஒருவர் சாவியைத் தேடக்கூடும். உள்ளே இன்னும் ஒருவர் இருந்தால் அவர் சிக்குவார், தீயணைப்பு வீரர்களும் கதவை உடைக்க வேண்டியிருக்கும். இரண்டே சொற்களில் அந்த ஐயத்தைத் தீர்ப்பது நல்லது.

‘ஓடக் கூடாது’ என்ற வரி விடுபட்டிருப்பதும் தற்செயல் அல்ல. வெளியேறும் வழியைக் காட்டும் பச்சைப் பலகையில் இருப்பது ஓடும் மனிதனின் உருவம். ஜப்பானில் 1972இல் ஒசாகா நகரின் சென்னிச்சி பல்பொருள் அங்காடித் தீயில் 118 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு குமமோட்டோ நகர அங்காடித் தீயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு எழுத்தை நம்பாத வெளியேறும் சின்னம் ஒன்று தேடப்பட்டபோது யுகியோ ஓட்டாவின் வடிவமைப்பு தேர்வானது. பின்னர் சர்வதேசத் தரத்திலும் அதன் வடிவம் இடம்பெற்றது. இப்போது பாதுகாப்புச் சின்னங்களைத் தொகுக்கும் ஐஎஸ்ஓ 7010 தரத்தில் அது இருக்கிறது. அந்த ஓடும் உருவத்துக்குக் கீழேயே ‘ஓடக் கூடாது’ என்று எழுதியிருக்கும் பலகைகள் உலகெங்கும் தொங்குகின்றன. படிப்பவர் எதை நம்புவார்? இந்தக் கட்டடத்தில் அந்த வரியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, பயிற்சியின்போது வாயால் சொல்வதே மேல். இப்படி ஒரு வரியை நீக்கும் முடிவை மொழிபெயர்ப்பாளர் தனியாக எடுக்கக் கூடாது. கட்டடத்தின் தீ பாதுகாப்புப் பொறுப்பாளர் அதை ஏற்க வேண்டும். ஏற்றால் ஆங்கிலத்திலிருந்தும் அந்த வரி போக வேண்டும். இரண்டு மொழிகளும் வேறு வேறு அறிவுறுத்தல் சொன்னால் ஒரே வராந்தாவில் இரண்டு விதமாக ஆட்கள் நடந்துகொள்வார்கள்.

சொல் தேர்வில் அடிக்கடி எழும் வழக்கு, லிஃப்டா மின்தூக்கியா என்பது. விடை ஊரைப் பொறுத்தது. சிங்கப்பூரில் தமிழ் ஓர் அதிகாரபூர்வ மொழி, பொது அறிவிப்புகளில் மின்தூக்கி என்ற சொல் பழகிவிட்டது. அங்கே அதை எழுதலாம். சென்னையில் துப்புரவுப் பணியாளரும் நிர்வாக இயக்குநரும் சொல்வது லிஃப்ட். தனித்தமிழ்ச் சொல்லைப் பரப்புவதற்குப் பாடநூலும் மேடையும் உண்டு. தீ அறிவிப்பு அதற்கான இடம் அல்ல. ‘ஒன்றுகூடும் இடம்’ என்பது புரியும், ஆனால் அது எங்கே என்று சொல்வதில்லை. ‘பின்வாசல் கார் நிறுத்தம்’ என்றால் அந்தக் கட்டடத்தில் வேலை செய்பவர் யோசிக்காமல் நடப்பார். உயரம் 24 மீட்டரைத் தாண்டும் கட்டடங்களில் இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கும் காத்திருப்புப் பகுதிக்கு ‘தஞ்சப் பகுதி’, ‘புகலிடம்’ என்றெல்லாம் மொழிபெயர்ப்புகள் உண்டு. ‘இறங்க முடியாதவர் இங்கே காத்திருக்கவும்’ என்று எழுதினால் பெயரே தேவையில்லை.

எண்களுக்கும் ஊர் உண்டு. தமிழ்நாட்டில் தீயணைப்புத் துறைக்கு 101, பொது அவசர எண் 112. சிங்கப்பூரில் 995, இலங்கையில் 110, பிரிட்டனில் 999. நன்றாக எழுதப்பட்ட தமிழ் அறிவிப்பு ஒன்று இணையத்தில் கிடைத்தது என்று எடுத்து ஒட்டும்போது, மொழி சரியாக இருந்து எண் தவறிப்போவது நடக்கக்கூடியதே. தமிழ் எழுத்துகள் தெரிந்த இடத்திலேயே நம் ஊர் அறிவிப்பு என்ற நம்பிக்கை வந்துவிடுவதால் இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை.

வரைபடத்துக்கு வந்தால் சொற்கள் குறைவு, ஆனால் பிழைகள் ஆபத்தானவை. முதல் சிக்கல் தளத்தின் பெயர். இந்தியாவில் தரைத்தளத்துக்கு மேலே இருப்பது முதல் தளம். சிங்கப்பூரில் தரைமட்டமே முதல் தளம். தமிழில் ‘மூன்றாம் மாடி’, ‘மூன்றாவது தளம்’, ‘3ஆம் தளம்’ என்று எப்படி எழுதினாலும், லிஃப்ட் பொத்தானிலும் படிக்கட்டுச் சுவரிலும் இருக்கும் எண்ணோடு அது பொருந்த வேண்டும். பொத்தானில் ‘3’ என்று இருந்தால் வரைபடத்தின் தலைப்பிலும் பெரிய ‘3’ இருப்பதே போதும். அதே போல் படிக்கட்டுக் கதவில் ‘ஏ’ என்று எழுதியிருந்தால் வரைபடத்திலும் ‘ஏ’ என்றே வர வேண்டும். அங்கே ‘அ’ என்று மாற்றி எழுதினால், தமிழுக்கு மரியாதை செய்ததாகத் தோன்றலாம், வழிதான் காணாமல் போகும்.

இரண்டாவது, திசை. வரைபடத்தின் முன் நிற்பவருக்கு இடப்பக்கம் இருப்பது வரைபடத்திலும் இடப்பக்கம் இருக்க வேண்டும். வெளியேறும் வரைபடங்களுக்கான ஐஎஸ்ஓ 23601 தரமும் இதையே கேட்கிறது. எதிர்ச்சுவரில் மாட்டும் பிரதியைச் சுழற்றி வரைய வேண்டும். ஆங்கிலப் பிரதிகள் இடத்துக்கு ஏற்பச் சுழற்றப்பட்டிருக்கும். தமிழாக்கும்போது செலவைக் குறைக்க ஒரே கோப்பை மட்டும் மொழிபெயர்த்து, பல பிரதிகள் எடுத்து எல்லாச் சுவர்களிலும் மாட்டிவிடுவது உண்டு. அப்போது பாதிப் பலகைகள் ஆட்களை எதிர்ப்பக்கம் அனுப்பும். சொல்லில் பிழை இல்லாததால் திருத்தம் பார்ப்பவர் கண்ணுக்கு இது அகப்படாது. மேசையில் உட்கார்ந்து பார்க்காமல், பலகை மாட்டியபிறகு அதன் முன் நின்று கையை நீட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆங்கில வரைபடத்தில் தீயணைக்கும் கருவி, நீர்க்குழாய்ச் சுருள், அலாரப் பெட்டி ஆகியவை சுருக்கெழுத்துகளால் குறிக்கப்பட்டிருக்கலாம். அந்த ஆங்கில எழுத்துகளைத் தமிழ் எழுத்துகளில் பெயர்ப்பதில் யாருக்கும் பயனில்லை. சிவப்புச் சின்னங்கள் போதும். வழிக்குப் பச்சை, தீயணைப்புப் பொருளுக்குச் சிவப்பு என்ற நிற வழக்கை மாற்றாமல் விட்டுவிட்டு, ‘நீங்கள் இருக்கும் இடம்’ என்பதை மட்டும் பெரிதாக எழுதலாம். தீயணைப்பு வீரர்களுக்கு மட்டுமே தேவையான குழாய், வால்வு விவரங்கள் குடியிருப்பவர்களின் வரைபடத்தில் இருக்கவே வேண்டாம். அவர்களுக்குத் தனி வரைபடம் உண்டு.

அச்சில் தமிழுக்கே உரிய தொல்லைகள் தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் ஒரு சொல்லைக் கத்திச் சொல்ல எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தாக்குவார்கள். தமிழில் அந்த வசதி இல்லை. எழுத்தின் தடிமன், அளவு, நிறம், தனி வரி ஆகிய நான்கும்தான் கையில் இருக்கின்றன. தமிழ் வரி பெரும்பாலும் ஆங்கில வரியைவிட நீளும். வடிவமைப்பாளர் அதே பெட்டிக்குள் திணிக்க எழுத்தைச் சிறிதாக்குவார் அல்லது நெருக்குவார். நெருக்கினால் முதலில் மறைவது புள்ளி. ‘க்’ என்பது ‘க’ ஆகும். மேலே இகர வளைவும் கீழே உகர வளைவும் அடுத்த வரியோடு இடிக்கும். பெட்டி போதவில்லை என்றால் சொல்லைக் குறைக்க வேண்டும், எழுத்தைக் குறைக்கக் கூடாது.

பலகையின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. வெளியிலிருந்து ஒளி விழும் வெளியேறும் சின்னத்தை அதன் உயரத்தைப் போல ஏறக்குறைய 100 மடங்கு தூரத்திலிருந்து அடையாளம் காணலாம் என்று ஐரோப்பியத் தரம் எடுத்துக்கொள்கிறது. உள்ளே விளக்கு எரியும் சின்னத்துக்கு அது 200 மடங்கு. 15 செ.மீ. உயரச் சின்னம் என்றால் முறையே 15 மீட்டரும் 30 மீட்டரும். இது சின்னத்துக்கான கணக்கு. அடியில் இருக்கும் எழுத்து அதைவிடச் சிறியது, ஆகவே அவ்வளவு தூரத்திலிருந்து படிக்க முடியாது. தமிழில் புள்ளி தெரியும் தூரமே படிக்கும் தூரம் என்று வைத்துக்கொண்டு, அச்சிட்ட மாதிரித் தாளை வராந்தாவின் மறுமுனையிலிருந்து பார்த்துவிடுவது பாதுகாப்பானது.

மற்றொரு தொல்லை கணினியில் நேர்வது. இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அமைப்பு இயக்கப்படாத வடிவமைப்பு மென்பொருளில் தமிழை ஒட்டினால், ‘வெளியே’ என்பதில் உள்ள ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். ‘கொ’, ‘போ’ போன்றவை உடைந்து சிதறும். தமிழ் தெரியாத அச்சகத்தார் அதைக் கவனிக்க வழியில்லை. நகரங்களின் பல பலகைகளில் காணும் உடைந்த தமிழுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மொழிபெயர்ப்பாளர் கோப்பை அனுப்புவதோடு வேலை முடிவதில்லை. அச்சுக்குப் போகும் இறுதிப் பக்கத்தை, முடிந்தால் தாளில், ஒரு முறை பார்க்க வேண்டும். அதோடு சரியான வடிவத்தைப் படமாகவும் அனுப்பிவைத்தால் அச்சகத்தார் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

ஒலிபெருக்கி அறிவிப்பு வேறு இனம். காதில் விழும் தமிழுக்கு ‘-வும்’ என்ற எழுத்துநடை அந்நியம். ‘கவனியுங்க. கட்டடத்துல தீ. படியில இறங்கி வெளிய போங்க. லிஃப்ட் வேண்டாம்’ என்று பேச்சுநடையில் பதிவு செய்தால் இரைச்சலிலும் பிடிபடும். பல மொழிகளில் அறிவிக்கும் கட்டடத்தில் ஒவ்வொரு மொழியின் முறையும் சில விநாடிகளில் முடிந்து சுழல வேண்டும். ஆங்கிலம் ஒரு நிமிடம் ஓடி, பிறகு தமிழ் வந்தால், ஆங்கிலம் அறியாதவர் அந்த ஒரு நிமிடமும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

எழுதி முடித்ததைச் சோதிக்கும் முறை எளியது. தமிழிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து ஒப்பிடுவது ஒரு வழி. அது விடுபட்டதையும் கூடியதையும் காட்டும், ஓடுபவருக்குப் புரியுமா என்பதைக் காட்டாது. அதற்குக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள் வேண்டும். சமையற்காரர், காவலர், புதிதாகச் சேர்ந்த எழுத்தர் எனச் சிலரைத் தனித்தனியே அழைத்து, பலகையைச் சில விநாடி மட்டும் காட்டி மறைத்துவிட்டு, ‘இப்போது என்ன செய்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும். ‘புரிந்ததா?’ என்று கேட்கக் கூடாது. அதற்கு எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். பாதுகாப்புச் சின்னங்களுக்கான அமெரிக்கத் தரம் ஒன்று, பார்ப்பவர்களில் 85 சதவீதத்தினர் சரியாகச் சொல்ல வேண்டும், ஆபத்தான வகையில் மாற்றிப் புரிந்துகொள்பவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று எல்லை வைக்கிறது. சின்னத்துக்கு வகுத்த அந்த அளவை அப்படியே எழுத்துக்குப் பொருத்த முடியாது, பத்துப் பேரிடம் கேட்டுச் சதவீதம் சொல்வதும் சரியல்ல. ஆனால் அதிலுள்ள பாகுபாடு இங்கே பயன்படும். ‘எங்கே கூடுவது என்று தெரியவில்லை’ என்பது ஒரு குறை. ‘லிஃப்டில் போவேன்’, ‘கதவைப் பூட்டுவேன்’ என்பது வேறு வகை. இரண்டாம் வகைப் பதில் ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த வரியைத் திருப்பி எழுத வேண்டும்.

படிக்கட்டுக் கதவு மாறும்போதும், கார் நிறுத்தத்தில் புதுக் கட்டுமானம் வந்து கூடும் இடம் இடம்பெயரும்போதும், ஆங்கிலப் பலகை திருத்தப்படும். தமிழ்ப் பலகை மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்வரை அப்படியே நிற்கும். அந்த இடைவெளியில் ஒரே சுவரில் இரண்டு திட்டங்கள் இருக்கும். அதைத் தவிர்க்க, எல்லா மொழிப் பலகைகளின் மூலையிலும் ஒரே திருத்த எண்ணையும் தேதியையும் சிறிதாக அச்சிட்டு, ஒன்று மாறினால் மற்றவற்றையும் அதே நாளில் கழற்றி மாற்றும் பொறுப்பைக் கட்டடப் பராமரிப்பாளரிடம் கொடுத்துவிடலாம். தேதிகள் ஒத்துப்போகாத பலகையைக் கண்டுபிடிக்க அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.